"சிறுத்தை விரட்டிய நாய்": எது எதை விரட்டியது? வேற்றுமை உருபு பற்றி ஒரு விவாதம்

செல்வி, கூடலூர்

வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் வாரந்தோறும் கையால் எழுதிய சுவர்ச்செய்தி ஒட்டுகிறோம். இந்த வாரத் தலைப்பு: "சிறுத்தை விரட்டிய நாய் வீட்டுக்குள் புகுந்தது". தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் சிறுத்தை ஒன்று நாயைத் துரத்த, நாய் பக்கத்து வீட்டுக்குள் ஓடிப் பிழைத்துக்கொண்டது. அதுதான் செய்தி.

படித்தவர்களில் பெரும்பாலோர் சரியாகவே புரிந்துகொண்டார்கள். என் பெரியப்பா மட்டும் ஒப்பவில்லை. "நாய்தான் சிறுத்தையை விரட்டியது என்றும் இதற்குப் பொருள் வருமே" என்றார். "அது எப்படி?" என்றேன். "மாடு மேய்த்த பையன் என்றால் மாட்டை மேய்த்த பையன். அங்கே மாடு செயப்படுபொருள். அதே அமைப்புதானே சிறுத்தை விரட்டிய நாய்? இங்கே மட்டும் சிறுத்தை எப்படி எழுவாய் ஆனது?" என்று கேட்டார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

"சிறுத்தையால் விரட்டப்பட்ட நாய்" என்று திருத்தி எழுதிவிட்டேன், எனக்குப் பிடிக்காமலே. என் கேள்வி இதுதான்: 'ஐ' என்ற உருபை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது? ஆங்கிலத்தில் யார் முதலில் நிற்கிறாரோ அவரே செய்தவர் என்று முடிந்துவிடுகிறது. நம் மொழி அந்த வழியில் போகாமல் சொல்லின் ஈற்றில் அடையாளம் வைப்பது ஏன்?

பாஸ்கர், குன்னூர்

இதில் குழப்பமே இல்லை. தமிழில் உருபு இருக்கிறது. அதனால் சொற்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். "புலி யானையைக் கொன்றது", "யானையைப் புலி கொன்றது", "கொன்றது யானையைப் புலி": எப்படிப் புரட்டினாலும் செத்தது யானைதான். ஆங்கிலத்துக்கு உருபு தேய்ந்துபோனது. அதனால் அது வரிசையைப் பிடித்துக்கொண்டது. பழைய மொழிகளில் உருபு நிறைய இருக்கும், காலம் போகப் போகக் குறையும். சமஸ்கிருதம், லத்தீன் எல்லாம் அப்படித்தான். உங்கள் தலைப்பில் 'ஐ' இல்லை. எனவே சிறுத்தை எழுவாய். பெரியப்பாவின் கேள்வி தேவையற்றது.

செல்வி, கூடலூர்

அப்படியானால் "மாடு மேய்த்த பையன்" என்பதிலும் 'ஐ' இல்லை. மாடு எழுவாயா, பாஸ்கர் அண்ணா?

தங்கராசு, உதகை

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தச் சிக்கல் முழுவதும் ஒற்று பற்றியது. 'ஐ' வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும்: சிறுத்தையைத் துரத்திய. மறைந்து வந்தால் மிகாது: கொழுந்து பறித்தாள், நீர் குடித்தான். இதைத் தெரிந்துகொண்டால் போதும். "கொழுந்துப் பறித்தாள்" என்று எழுதுகிறவர்களைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

பழைய ஏடு, கோத்தகிரி

தங்கராசு சொன்ன விதி சரி. ஆனால் செல்வி கேட்டது வேறு. "புலி கொன்ற யானை" என்பதில் புலி எழுவாயாக இருந்தாலும் ஒற்று மிகாது, 'ஐ' மறைந்த செயப்படுபொருளாக இருந்தாலும் மிகாது. ஒற்றை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

செல்வி, உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் எழுப்பிய ஐயம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்ற இயலில் ஒரு நூற்பா:

"தடுமாறு தொழிற்பெயர்க்கு இரண்டும் மூன்றும்
கடிநிலை இலவே பொருள்வயி னான."

இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "புலி கொல் யானை". புலியைக் கொன்ற யானையாகவும் இருக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானையாகவும் இருக்கலாம். தொழில் இரு பக்கமும் தடுமாறுகிறது. இரண்டாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம், மூன்றாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம், இரண்டையும் விலக்க வேண்டியதில்லை என்கிறார் ஆசிரியர். அடுத்த நூற்பா இன்னும் அழகு: பின்னால் வரும் சொல்லைப் பார்த்து, உணரக்கூடியவர்கள் எந்த வேற்றுமை என்று தெரிந்துகொள்வார்கள் என்கிறது. "புலி கொல் யானை ஓடுகிறது" என்றால் யானை உயிரோடு இருக்கிறது, கொன்றது அதுதான். "புலி கொல் யானையின் கொம்பு வந்து சேர்ந்தது" என்றால் செத்தது யானை.

உங்கள் தலைப்பும் அப்படியே. "வீட்டுக்குள் புகுந்தது" என்று முடிகிறது. சிறுத்தையை விரட்டியடித்த நாய்க்கு அடுத்தவர் வீட்டுக்குள் புக என்ன வேலை? எனவே விரட்டப்பட்டது நாய். "விரட்டப்பட்ட" என்று நீட்ட வேண்டிய தேவை இல்லை. முதலில் எழுதியதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மரகதம், உதகை

கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய ஏடு ஐயா சொன்னதைத் தொட்டே பேசுகிறேன். தடுமாற்றம் எங்கே வரும் என்று தொல்காப்பியம் காட்டிவிட்டது. ஆனால் இன்றைய தமிழில் அந்தத் தடுமாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. செல்வியின் பெரியப்பா கேட்டதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மூன்று தொடர்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

"புத்தகம் படித்த பையன்." புத்தகம் செயப்படுபொருள். 'ஐ' இல்லை, யாருக்கும் ஐயமும் இல்லை.

"நரி பிடித்த கோழி", "கோழி பிடித்த நரி." முதலாவதில் நரி எழுவாய். இரண்டாவதில் கோழி செயப்படுபொருள். இரண்டிலும் அமைப்பு ஒன்றே, உருபும் இல்லை. எது எதைப் பிடிக்கும் என்று நமக்குத் தெரியும், அதைக் கொண்டு தீர்க்கிறோம். "மாடு மேய்த்த பையன்" இந்த வகை. மாடு பையனை மேய்க்காது.

"ஆசிரியர் அடித்த பையன்." அடி வாங்கியவன் பையன். இதை "ஆசிரியரை அடித்த பையன்" என்று படிக்க முடியுமா? எவ்வளவு முயன்றாலும் முடியாது. ஊரறிந்த முரடன், ஆசிரியரை அடித்தது எல்லாருக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 'ஐ' இல்லாமல் அந்தப் பொருள் வராது.

ஆக, பொருள்களுக்குக் கதவு விரியத் திறந்திருக்கிறது. விலங்குகளுக்குப் பாதி திறந்திருக்கிறது. மனிதருக்கு மூடியிருக்கிறது. 'ஐ' எங்கே கட்டாயம் என்பதைச் செயப்படுவது யார் அல்லது எது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. சிறுத்தையும் நாயும் நடுப்படியில் நிற்பதால்தான் பெரியப்பாவால் அப்படிப் படிக்க முடிந்தது. "ஆசிரியர் விரட்டிய மாணவன்" என்று தலைப்பு வைத்திருந்தால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

ஷாஜி, தேவர்சோலை

மரகதம் டீச்சர் சொன்ன படிக்கட்டு எங்கள் மலையாளத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. "ஞான் மரம் கண்டு", மரத்தைப் பார்த்தேன். மரத்துக்கு உருபு இல்லை. "ஞான் ஆனயெ கண்டு", யானையைப் பார்த்தேன். ஆனைக்கு 'எ' வந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ். தமிழில் "அந்த மரத்தைப் பார்த்தேன்" என்று 'ஐ' போடச் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு அது வேண்டாத சுமையாகவே பட்டது. மரம் என்னைப் பார்க்குமா என்ன? பிறகு எதற்கு உருபு?

மரகதம், உதகை

ஷாஜி, மிக நல்ல இடத்தைத் தொட்டீர்கள். மலையாளத்தில் உயிரில்லாத பொருளுக்கும் 'எ' வரும் இடம் ஒன்று உண்டு. "கப்பல் திரமாலகளெ பேதிச்சு", கப்பல் அலைகளைப் பிளந்து சென்றது. கப்பலும் உயிரற்றது, அலையும் உயிரற்றது. இரண்டில் எது எதைச் செய்தது என்று உலக அறிவால் தீர்க்க முடியாதபோது உருபு வந்து நிற்கிறது. மலையாள வினைச்சொல்லில் பால் எண் விகுதியும் கிடையாது. "கண்டு" என்றால் நான், நீ, அவள், அது யாராகவும் இருக்கலாம். வினையிலிருந்து துப்புக் கிடைக்காது.

செல்வியின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் தொடங்குகிறது. நம் மொழிகளில் வினை கடைசியில் வரும். எழுவாயும் செயப்படுபொருளும் அதற்கு முன்பே ஒன்றையொட்டி ஒன்று வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் வினை நடுவே நின்று இருவரையும் பிரிக்கிறது: இந்தப் பக்கம் செய்தவர், அந்தப் பக்கம் செயப்பட்டவர். வேலி நடுவில் இருந்தால் எந்தத் தோட்டம் யாருடையது என்று பலகை வைக்க வேண்டியதில்லை. வேலி ஓரத்தில் இருந்தால் பலகை தேவைப்படும்.

ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் 30 மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு பொதுவிதியாகவே எழுதினார்: எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் பின்னால் வினை வருவதை இயல்பாகக் கொண்ட மொழிகளில் ஏறக்குறைய எப்போதும் வேற்றுமை அமைப்பு இருக்கும். "ஏறக்குறைய" என்ற சொல்லைக் கவனியுங்கள். விலக்குகள் உண்டு. நம் மலையிலேயே பாருங்கள். தோதவர், கோத்தர், படகர், இருளர் பேசும் மொழிகள் எல்லாம் வினையைக் கடைசியில் வைப்பவை. எல்லாமே ஈற்றில் உருபு ஏற்பவை.

படுகன், கோத்தகிரி

எங்கள் மொழியையும் சொன்னதற்கு நன்றி அக்கா. நாங்கள் பள்ளிக்குப் போகும்போது வேற்றுமை என்பது தமிழ்ப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒன்று என்று நினைத்தோம். வீட்டில் பேசும் பேச்சில் அதே வேலை நடக்கிறது என்று ஆசிரியர் யாரும் காட்டவில்லை. கேட்டால் "உங்கள் பாஷைக்கு இலக்கணம் கிடையாது" என்பார்கள். எமனோ என்ற அறிஞர் 1930-களில் இங்கே வந்து தங்கி, கோத்தர் மொழிக்கும் தோதவர் மொழிக்கும் விரிவான இலக்கணம் எழுதினார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிய வந்தது.

எனக்கு ஒரு கேள்வி. பாஸ்கர் அண்ணன் சொன்னது போல் உருபு காலப்போக்கில் தேயும் என்றால், எங்கள் மொழியிலும் தேய்ந்துவிடுமா?

பழைய ஏடு, கோத்தகிரி

தேயும் என்பது விதியல்ல, தம்பி. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செய்யுளில் 'ஐ' மறைந்து வருவது மிக இயல்பு. வினை முன்னே வந்து பெயர் கடைசியில் நின்றால்கூட 'ஐ' மறையலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுக்கிறது. இறுதியில் அப்படி மறையும் உரிமை 'ஐ', 'கண்' என்ற இரண்டுக்கு மட்டுமே உண்டு, மற்றவை மறையக்கூடாது. "கடந்தான் நிலம்" என்று உரையில் காட்டுவார்கள். இன்று உரைநடையில் "நேற்றுச் சந்தித்தேன் என் நண்பன்" என்று யாராவது எழுதினால் அச்சுப்பிழை என்றே நினைப்போம். 'ஐ' தேயவில்லை. அதன் பிடி இறுகியிருக்கிறது.

புதிய உருபுகளும் பிறந்திருக்கின்றன. "மலையிலிருந்து" என்பதில் உள்ள 'இருந்து' ஒரு காலத்தில் 'இரு' என்ற வினையின் எச்சம். இன்று அதை யாரும் உட்கார்ந்திருப்பதாக நினைப்பதில்லை. நீங்கும் இடத்தைக் காட்டும் ஈறாகிவிட்டது. 'உடைய' என்பதும் அப்படியே. தேய்வும் உண்டு, முளைப்பும் உண்டு.

பாஸ்கர், குன்னூர்

தமிழில் சரி. ஆனால் ஆங்கிலத்தில் தேய்ந்தது உண்மைதானே? நான் சொன்ன காரணமும் அதுதான்: உருபு போனது, அதனால் வரிசை வந்தது.

மரகதம், உதகை

தேய்ந்தது உண்மை. "அதனால்" என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம்.

பழைய ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல்லே வேற்றுமை காட்டியது. ஆண்பால் ஒருமையில் செய்பவருக்கு முன் 'சே', செயப்படுபவருக்கு முன் 'தோனே'. அழுத்தம் சொல்லின் தொடக்கத்தில் விழுந்ததால் ஈற்றசைகள் மெலிந்துகொண்டே வந்தன. கடைசியில் எல்லாப் பெயருக்கும் ஒரே சுட்டு மிஞ்சியது. ஆனால் ஈறுகள் முழுதாக இருந்த காலத்திலும் பல பெயர்களில், குறிப்பாகப் பன்மையில், எழுவாய் வடிவமும் செயப்படுபொருள் வடிவமும் ஒன்றேதான். அப்போதே மக்கள் வரிசையையும் சூழலையும் நம்பித்தான் பேசினார்கள். வரிசை ஓரளவு நிலைத்திருந்ததால் ஈறு போனபோது யாருக்கும் இழப்புத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். ஈறு போனதால் வரிசை இறுகியது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடந்திருக்கின்றன. எது முந்தியது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை.

"எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்" என்றீர்களே, அதற்கும் எல்லை உண்டு. உருபு இருந்தால்தான் அந்த உரிமை. "வள்ளி காலையில் கொழுந்து பறித்தாள்" என்பது இயல்பு. "கொழுந்தை வள்ளி காலையில் பறித்தாள்" என்பதும் இயல்பு. "கொழுந்து வள்ளி காலையில் பறித்தாள்" என்று எழுதிப் பாருங்கள். என் காதுக்கு முடமாக ஒலிக்கிறது. 'ஐ' இல்லாத செயப்படுபொருள் வினையை விட்டு நகர விரும்புவதில்லை. உருபு போன இடத்தில் தமிழிலும் வரிசையே வேலை செய்கிறது. இரண்டு வழியும் ஒரே மொழிக்குள் இருக்கின்றன.

தங்கராசு, உதகை

"கொழுந்து வள்ளி காலையில் பறித்தாள், கணக்கு மாலையில் எழுதினார்கள்" என்று எழுதினால் எனக்குச் சரியாகவே படுகிறது. கொழுந்தைப் பற்றி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் அப்படி முன்னால் கொண்டுவரலாம். நான் அதைத் திருத்த மாட்டேன்.

மரகதம், உதகை

இரண்டு தொடரையும் எதிரெதிரே நிறுத்தினால் எனக்கும் கொஞ்சம் இளகுகிறது. தனியே சொன்னால் இளகவில்லை. இதைப் பலரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மலர்விழி, வெலிங்டன்

என் மகள் எட்டு வேற்றுமையையும் மனப்பாடம் செய்கிறாள். முதல் வேற்றுமை எழுவாய், செய்கிறவரைக் குறிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். "அப்படியானால் எனக்குக் குளிர்கிறது என்பதில் எழுவாய் எங்கே, அம்மா?" என்று கேட்கிறாள். இந்த ஊரில் தினமும் சொல்லும் தொடர் அது. நான் என்ன சொல்வது?

மரகதம், உதகை

மலர்விழி, உங்கள் மகள் கெட்டிக்காரி. குளிர்வதை நாம் செய்வதில்லை, அது நமக்கு நேர்கிறது. பசி, தூக்கம், விருப்பம், தெரிதல், நினைவு இவையெல்லாம் அப்படித்தான்: எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். உணர்பவரைச் செய்பவராகக் காட்டாமல், வந்து சேரும் இடமாகக் காட்டுகிறது 'கு'. "எனக்குக் குளிர்கிறது" என்பதில் முதல் வேற்றுமைப் பெயரே இல்லை என்று சொல்லிக்கொடுங்கள். தேர்வில் என்ன எழுதுவது என்பதை அவள் ஆசிரியரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

ஷாஜி, தேவர்சோலை

என் பழைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. "அந்த மரத்தைப் பார்த்தேன்." மரம் பார்க்காது என்று எல்லாருக்கும் தெரியும், குழப்பத்துக்கு இடமே இல்லை. பிறகும் தமிழ் ஏன் 'ஐ' கேட்கிறது?

மரகதம், உதகை

விட்டுவிடவில்லை, ஷாஜி. அதற்கு இரண்டாவது அளவுகோல் வேண்டும்.

"புத்தகம் படித்தேன்" சரி. "அந்தப் புத்தகம் படித்தேன்" இடறுகிறது. "அந்தப் புத்தகத்தைப் படித்தேன்" வேண்டும். "அதைப் படித்தேன்" என்பதில் 'ஐ' இல்லாமல் சொல்லவே முடியாது. பேசுபவரும் கேட்பவரும் இன்னது என்று அறிந்த ஒன்றானால் உயிரற்ற பொருளும் 'ஐ' ஏற்கிறது. கொழுந்துக்கே வருவோம். "கொழுந்து பறித்தாள்" என்றால் அவள் செய்த வேலை அது. எவ்வளவு, எந்தக் கொழுந்து என்ற பேச்சே இல்லை. "மழை வந்ததும் நிறுத்திவிட்டாள்" என்று தொடரலாம். "கொழுந்தைப் பறித்துவிட்டாள்" என்றால் பறிக்க வேண்டிய இன்ன கொழுந்து முடிந்தது.

ஆக அளவுகோல் இரண்டு: எவ்வளவு மனிதத்தன்மை உள்ளது, எவ்வளவு இன்னது என்று தெரிந்தது. இரண்டில் ஏதாவது ஒன்று உயர்ந்தாலும் 'ஐ' வருகிறது. மலையாளம் முதல் அளவுகோலையே பெரிதும் நம்புகிறது. இந்தி மனிதருக்கும், தெரிந்த பொருளுக்கும் 'கோ' சேர்க்கிறது. தொலைவில் ஸ்பானிய மொழி, மனிதரைச் செயப்படுபொருளாகச் சொல்லும்போது முன்னால் 'ஆ' என்று ஒன்று வைக்கிறது, வீட்டுக்கும் மரத்துக்கும் பொதுவாக வைப்பதில்லை. உறவே இல்லாத மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கியோர்க் போசோங் என்ற ஜெர்மானிய அறிஞர் 1980-களில் இதைப் பல மொழிகளில் தொகுத்துக் காட்டினார்.

ஏன் அதே இடம்? நாம் பேசும் பேச்சில் செய்பவர் பெரும்பாலும் மனிதர், அதுவும் அறிமுகமானவர். செயப்படுவது பெரும்பாலும் பொருள், அதுவும் புதிதாகச் சொல்லப்படுவது. இந்த வழக்கப்படி வரும்போது அடையாளம் தேவையில்லை. செய்பவர் போலத் தோன்றும் ஒருவர் செயப்படுபவராக வரும்போது கேட்பவர் ஏமாறாமல் இருக்க அடையாளம் வேண்டும். பெரும்பாலோர் சொல்லும் விளக்கம் இது.

பழைய ஏடு, கோத்தகிரி

அந்த விளக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை, அம்மா. ஏமாற்றத்தைத் தடுப்பதற்கே உருபு என்றால், ஏமாற வாய்ப்பே இல்லாத இடத்தில் மனிதப் பெயருக்கும் அதை விடலாமே?

"கண்ணன் வள்ளி பார்த்தாள்" என்று சொல்லிப் பாருங்கள். "பார்த்தாள்" என்பதே பார்த்தவள் பெண் என்று காட்டிவிட்டது. கண்ணன் பார்க்கப்பட்டவனாகத்தான் இருக்க முடியும். குழப்பம் துளியும் இல்லை. ஆனாலும் இது தமிழ்த் தொடரே அல்ல, "கண்ணனை" என்றே வர வேண்டும். குழப்பம் இல்லாத இடத்திலும் மொழி விட்டுக்கொடுக்கவில்லை.

மரகதம், உதகை

ஐயா, இந்தச் சான்று அந்த விளக்கத்துக்கு உண்மையிலேயே கடினமானது. இரண்டு வகையாகப் பதில் சொல்கிறார்கள். ஒரு சாரார், தொடக்கத்தில் குழப்பத்தைத் தடுக்க வந்த வழக்கம் பிறகு விதியாக இறுகிவிட்டது, விதி ஒவ்வொரு தொடரையும் தனித்தனியே ஆராய்வதில்லை என்கிறார்கள். மற்றவர்கள், குழப்பத்துக்கும் 'ஐ'-க்கும் தொடர்பே இல்லை, செயலால் தாக்குறும் ஒன்றைத் தனித்து எடுத்து முன்னிறுத்துவதே அதன் வேலை என்கிறார்கள். நான் முதல் பக்கம் சாய்கிறேன். கப்பலும் அலையும் அந்தப் பக்கம் இழுக்கின்றன. உங்கள் கண்ணனும் வள்ளியும் மறுபக்கம் இழுக்கிறார்கள்.

பாஸ்கர், குன்னூர்

மனிதருக்கு 'ஐ' கட்டாயம் என்று இருவரும் உறுதியாகச் சொல்கிறீர்கள். "அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள்", "மாப்பிள்ளை பார்க்கிறோம்", "பிள்ளை பெற்றாள்". மூன்றிலும் மனிதர்தான் செயப்படுபொருள். 'ஐ' எங்கே?

செல்வி, கூடலூர்

பாஸ்கர் அண்ணா, அருமையான எடுத்துக்காட்டு. "பெண்ணைப் பார்த்தார்கள்" என்றால் ஒரு குறிப்பிட்ட பெண்ணைக் கண்ணால் பார்த்தார்கள் என்று பொருளே மாறிவிடுகிறதே.

மரகதம், உதகை

பாஸ்கர், நான் "மூடியிருக்கிறது" என்றது "அடித்த" போன்ற வினைகளுக்குச் சரி. நீங்கள் காட்டியவற்றில் இன்ன பெண், இன்ன மாப்பிள்ளை என்று ஒருவரும் இல்லை. பெண் பார்த்தல் என்பது முழுதாக ஒரு காரியம், கொழுந்து பறித்தல் போல. அந்தப் பெண் யார் என்று தெரிந்த நொடியில் 'ஐ' வந்துவிடும்: "போன வாரம் பார்த்த பெண்ணை மறுபடி பார்க்கப் போகிறார்கள்." அதே சமயம் "திருடன் பிடித்தார்கள்" என்று சொல்வதில்லை, "திருடனைப் பிடித்தார்கள்" என்றே சொல்கிறோம். எந்தத் திருடன் என்று தெரியாதபோதும் அப்படித்தான். "ஆள் பிடித்தார்கள்" என்று மட்டும் சொல்கிறோம். பெண், மாப்பிள்ளை, பிள்ளை, ஆள் இவற்றுக்குக் கிடைக்கும் விலக்குத் திருடனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

பழைய ஏடு, கோத்தகிரி

திருடன், நண்பன், ஆசிரியன் எல்லாம் பால் விகுதி ஏற்ற சொற்கள். 'அன்' என்ற ஈறே ஒருவனைத் தனியாகச் சுட்டிவிடுகிறது. ஆள், பெண், பிள்ளை என்பவற்றில் அந்த விகுதி இல்லை. காரணம் அதுவாக இருக்கலாம்.

ஷாஜி, தேவர்சோலை

ஐயா, "மருத்துவர் பார்த்தேன்" என்றும் சொல்வதில்லையே? அதில் 'அன்' இல்லை, 'அர்' இருக்கிறது. "டாக்டர் பார்த்தேன்" என்றும் சொல்வதில்லை. அதில் எந்த விகுதியும் இல்லை, கடன் வாங்கிய சொல். ஆனாலும் "டாக்டரைப் பார்த்தேன்" என்றே வருகிறது.

மரகதம், உதகை

டாக்டர் பற்றிச் சொன்னது கனமான எதிர்ச்சான்று. இழையைப் படிக்கும் மற்றவர்களும் இப்படி 'ஐ' இல்லாமல் வரும் மனிதப் பெயர்கள் வேறு தெரிந்தால் எழுதுங்கள். என் கையில் இப்போது நான்குதான் இருக்கின்றன. படுகன் தம்பி, உங்கள் மொழியில் பெண் பார்க்கப் போவதை எப்படிச் சொல்வீர்கள், அங்கே ஈறு வருமா வராதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

படுகன், கோத்தகிரி

ஞாயிற்றுக்கிழமை அட்டிக்குப் போகிறேன் அக்கா. பாட்டியிடம் கேட்டு எழுதுகிறேன். "திருடனைப் பிடித்தார்கள்", "டாக்டரைப் பார்த்தேன்" இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.